ஆண் மீன் மறைந்தால் பெண் மீன் ஆணாவது ஏன்? பவளப்பாறை மீன்களின் பால் மாற்றம்: ஒரு விளக்கம்

லட்சத்தீவு, அந்தமான், மன்னார் வளைகுடா ஆகிய இடங்களின் பவளப்பாறைகளுக்கு இடையே ஒரு சிறிய மீன் வாழ்கிறது. அதன் நீளம் அதிகபட்சம் 14 சென்டிமீட்டர். வெளிர்நீல உடலில் தலை முதல் வால் வரை கறுப்புப் பட்டை ஒன்று ஓடும். பெரிய மீன்களின் உடலிலும் செவுள்களிலும் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று வாழ்வதால் இதைத் துப்புரவு மீன் என்று அழைக்கின்றனர். இந்த மீனினத்தில் ஆணாகத் திரியும் ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு காலத்தில் பெண்ணாக இருந்து முட்டையிட்டதே ஆகும்.

உலகில் இதுவரை அறியப்பட்ட மீனினங்களில் சுமார் 500 இனங்கள் வாழ்நாளின் ஒரு கட்டத்தில் ஒரு பாலிலிருந்து மற்றொரு பாலுக்கு மாறுகின்றன. அவற்றில் கணிசமானவை பவளப்பாறைகளைச் சார்ந்தவை. சில இனங்களில் பெண் ஆணாகிறது. சில இனங்களில் ஆண் பெண்ணாகிறது. எந்தத் திசையில் மாறுகிறது, எப்போது மாறுகிறது என்பதை அந்த மீன் வாழும் கூட்டத்தின் அமைப்பே பெரிதும் தீர்மானிக்கிறது. துப்புரவு மீனின் கதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஆணை அகற்றியபோது நிகழ்ந்தது

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையை ஒட்டி நீண்டு கிடக்கும் பெரும் பவளத்திட்டின் தென்பகுதியில் ஹெரான் தீவு உள்ளது. அங்கு வாழும் துப்புரவு மீன்களை ராஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்து, தமது முடிவுகளை 1972-ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்.

அவர் கண்ட கூட்டங்களின் அமைப்பு எளிமையானது. ஓர் ஆண் மீன் ஒரு நிலப்பரப்பைத் தனதாக்கிக் காவல் காக்கிறது. அதற்குள் பொதுவாக 3 முதல் 6 வரை முதிர்ந்த பெண் மீன்களும், இன்னும் முதிராத சில சிறு மீன்களும் வாழ்கின்றன. பெண் மீன்களுக்கு இடையே உடல் அளவை ஒட்டிய வரிசை ஒன்று உண்டு. பெரியது சிறியதை அடக்குகிறது. சிறியது அதற்கும் சிறியதை அடக்குகிறது. வரிசையின் உச்சியில் இருப்பது ஆண். கூட்டத்தில் மிகப் பெரியதும் அதுவே.

இந்த ஆண் மீன் இறந்தாலோ, ஆய்வுக்காக அகற்றப்பட்டாலோ, அடுத்த நிலையில் உள்ள பெண் மீனின் நடத்தை அன்றே மாறிவிடுகிறது. சுமார் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அது, ஆண் மீன் மட்டுமே பெண்களிடம் காட்டும் ஆதிக்க அசைவுகளைக் காட்டத் தொடங்குகிறது. ஆணின் பழைய எல்லைகளைச் சுற்றிவருகிறது. சில நாட்களில், மற்ற பெண் மீன்களை இணைசேர அழைக்கும் முழுமையான ஆண் நடத்தையும் வந்துவிடுகிறது. உடலுக்குள் நிகழும் மாற்றத்துக்கு இன்னும் சற்றுக் காலம் தேவைப்படுகிறது. சூலகம் இருந்த இடத்தில் விந்தகம் உருவாகி, அதிலிருந்து விந்தணுக்கள் வெளிவர 14 முதல் 18 நாட்கள் ஆகின்றன. ஒரு மாதம் முடிவதற்குள், முன்பு முட்டையிட்ட மீன் அதே கூட்டத்தின் முட்டைகளுக்குத் தந்தையாகிவிடுகிறது.

இங்கு இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. முதலாவது, எல்லாப் பெண் மீன்களுக்கும் ஆணாகும் ஆற்றல் உண்டு. ஆணின் ஆதிக்கமே அதைத் தடுத்து வைத்திருக்கிறது. ஆண் மீன் நாள்தோறும் தன் பெண்களைச் சுற்றிவந்து விரட்டி மிரட்டுவது, அந்தத் தடையைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதற்கு ஒப்பாகும். இரண்டாவது, மாற்றம் எப்போதும் முழுமை பெறும் என்பதற்கு உறுதியில்லை. தலைவன் இல்லாத கூட்டத்தைக் கைப்பற்ற அண்டை நிலப்பரப்பின் ஆண் மீன் உடனே நுழையக்கூடும். அது வென்றுவிட்டால், ஆணைப் போல நடக்கத் தொடங்கிய பெண் மீன் மீண்டும் பெண்ணாகவே தொடர்கிறது. எனவே முதல் சில மணி நேரம் அந்தப் பெண் மீனுக்குப் பெரும் சோதனைக் காலமாகும். நடத்தை மாற்றம் உடல் மாற்றத்தை முந்திக்கொண்டு வருவதற்கான காரணமும் இங்கு புலனாகிறது. விந்தகம் உருவாகும்வரை காத்திருந்தால் கூட்டம் கைநழுவிப் போய்விடும்.

லாப நஷ்டக் கணக்கு

இத்தகைய மாற்றத்தால் அந்த மீனுக்கு என்ன பயன்? இதற்கான விளக்கத்தின் அடிப்படையை 1969-ஆம் ஆண்டு மைக்கேல் கிசலின் என்ற உயிரியலாளர் முன்வைத்தார். பின்னர் ராபர்ட் வார்னர் உள்ளிட்டோர் அதைக் கணித முறையில் விரித்தனர். ஒரு மீன் சிறியதாக இருக்கும்போது ஒரு பாலிலும், பெரியதாக வளர்ந்தபின் மறு பாலிலும் அதிகச் சந்ததியைப் பெற முடியுமானால், வாழ்நாளின் நடுவே பால் மாறுவது லாபகரமானது என்பதே அதன் சாரம்.

ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் இதைப் பார்க்கலாம். ஒரு கூட்டத்தில் ஓர் ஆணும் ஐந்து பெண்களும் உள்ளன. ஒவ்வொரு பெண்ணும் ஒரு முறைக்கு ஆயிரம் முட்டை இடுகிறது என்று கொள்வோம. ஆணுக்கு ஐயாயிரம் முட்டைகளின் தந்தைமை கிட்டுகிறது. ஒரு சிறிய மீன் ஆணாகப் பிறந்திருந்தால், பெரிய ஆணுடன் போரிட்டு வெல்ல இயலாததால், அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றுமில்லை. அதே சிறிய மீன் பெண்ணாக இருந்தால் ஆயிரம் முட்டைகள் உறுதி. ஆகவே சிறிய வயதில் பெண்ணாக இருப்பதே நல்லது. ஆண் மறைந்த பிறகு கணக்கு மாறுகிறது. மிகப் பெரிய பெண் மீன் ஆணானால், அது தன் சொந்த ஆயிரம் முட்டைகளை இழக்கும். ஆனால் மீதமுள்ள நான்கு பெண்களின் நாலாயிரம் முட்டைகளுக்குத் தந்தையாகும். இழப்பு ஒரு பங்கு, ஈட்டம் நான்கு பங்கு.

மேற்கண்ட கணக்கில் முட்டை எண்ணிக்கைகளை மாற்றினால் முடிவு தலைகீழாகிறது. மிகப் பெரிய பெண் மீன் மட்டும் ஐயாயிரம் முட்டை இடுவதாகவும், மற்ற நான்கும் சேர்ந்து மூவாயிரம் முட்டையே இடுவதாகவும் வைத்துக்கொள்வோம். இப்போது அது ஆணாக மாறினால் நஷ்டமே மிஞ்சும். மீன்களின் முட்டை எண்ணிக்கை உடல் அளவுடன் வேகமாக உயர்வதால், இத்தகைய நிலை கற்பனையில் மட்டும் நிற்பதன்று. கரீபியக் கடலின் கடற்புல் படுகைகளில் வாழும் ஒருவகைக் கிளிமீனில், ஆண் மறைந்த பின்னும் மிகப் பெரிய பெண் மீன் சில நேரங்களில் பெண்ணாகவே தொடர்வதை ரோல்டன் முன்யோஸ், வார்னர் ஆகியோர் கண்டறிந்தனர். அத்தகைய கூட்டங்களில் அடுத்த நிலையில் உள்ள சிறிய பெண் மீன் ஆணாகிறது. மறைந்திருந்து இடையில் புகுந்து விந்தைச் செலுத்தும் சிறு ஆண்களின் தொல்லை மிகுந்த இடங்களிலும், தலைவனாக இருப்பதன் லாபம் குறைகிறது. 'பெரியது எப்போதும் மாறும்' என்ற விதி ஏதுமில்லை. 'லாபம் உள்ளது மாறும்' என்பதே பொருத்தமான வாசகம்.

கோமாளி மீனில் எதிர்த்திசை

இதே கணக்கு, கூட்டத்தின் அமைப்பு வேறாக இருக்கும் இடத்தில் எதிர்த்திசை விடையைத் தருகிறது. அதற்குச் சான்று கோமாளி மீன். இது கடற்சாமந்தியின் கொட்டும் இழைகளுக்கு நடுவே வாழ்கிறது. அந்த இழைகளே அதன் கோட்டை. அதைவிட்டு வெகுதூரம் விலகினால் வேட்டை மீன்களுக்கு இரையாகிவிடும். எனவே ஒரு கடற்சாமந்தியில் குடியேறிய மீன் பெரும்பாலும் அங்கேயே தன் வாழ்வைக் கழிக்கிறது.

ஒரு கடற்சாமந்தியில் பொதுவாக இனப்பெருக்கம் செய்யும் ஓர் இணையும், அதைவிடச் சிறிய, இனப்பெருக்கம் செய்யாத சில மீன்களும் இருக்கும். கூட்டத்தில் மிகப் பெரியது பெண். இரண்டாவது பெரியது ஆண். மற்றவை வரிசையில் காத்திருப்பவை. இச்சிறு மீன்கள் அந்த இணையின் குஞ்சுகள் என்று கருதத் தோன்றும். அது தவறு. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் கடல் நீரோட்டத்தில் பத்து நாட்களுக்கும் மேலாக மிதந்து திரிந்து, பின்னர் கிடைத்த கடற்சாமந்தியில் ஒதுங்குகின்றன. ஆகவே ஒரு கூட்டத்தில் இருப்பவை பொதுவாக ஒன்றுக்கொன்று உறவில்லாதவை.

பெண் மீன் இறந்தால், அதன் இணையாக இருந்த ஆண் மீன் வளர்ந்து பெண்ணாகிறது. வரிசையில் அடுத்து நின்ற மீன் விரைந்து வளர்ந்து ஆணாகிறது. ஹான்ஸ் ஃபிரிக்கே, சிமோன் ஃபிரிக்கே ஆகியோர் 1977-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் இதனை விவரித்தனர். துப்புரவு மீனைவிட இந்த மாற்றம் மெதுவானது. சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம்.

இங்கு ஏன் பெரியது பெண்ணாக இருக்கிறது? ஒரு கடற்சாமந்தியில் இடம் குறைவு. பல பெண்களைச் சேர்த்துக் காக்க வழியில்லை. ஓர் ஆணுக்கு ஒரே ஒரு பெண்ணின் முட்டைகளே கிடைக்கும். ஆண் எவ்வளவு பெரியதாக வளர்ந்தாலும் அந்த எண்ணிக்கை உயராது. அம்முட்டைகள் அனைத்தையும் கருவுறச் செய்யச் சிறிய மீனின் விந்தே போதும். பெண் பெரியதானால் முட்டைகள் பெருகும். எனவே இருவரில் பெரியது பெண்ணாக இருப்பது இரண்டுக்குமே லாபம்.

மற்றொரு நன்மையும் உண்டு. பிறவியிலேயே பால் நிலைபெற்றிருந்தால், துணையை இழந்த மீன் எதிர்ப்பாலைச் சேர்ந்த ஒன்று நீரோட்டத்தில் மிதந்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். ஒதுங்கிய இரண்டும் ஒரே பாலாக அமைந்துவிட்டால், ஆபத்து நிறைந்த நீர்வெளியைக் கடந்து துணை தேட வேண்டும். பால் மாற்றம் இந்தத் துன்பத்தை நீக்குகிறது. எந்த இரண்டு மீன்கள் சேர்ந்தாலும் அவை இணையாக முடியும். அலங்கார மீன் பண்ணைகளில் இந்த இயல்பைப் பயன்படுத்துகின்றனர். ஒத்த வயதுடைய சில இளம் கோமாளி மீன்களை ஒரே தொட்டியில் கடற்சாமந்தியுடன் விட்டால், சில மாதங்களில் இரண்டு மட்டும் மற்றவற்றைவிட விரைந்து வளர்ந்து தாமாகவே இணையாகின்றன.

காத்திருக்கும் சிறு மீன்களின் நிலை கடினமானது. பப்புவா நியூ கினியில் கோமாளி மீன்களை ஆராய்ந்த பீட்டர் பஸ்டன், வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் மீன்களின் அளவு ஓர் ஒழுங்குடன் குறைந்து செல்வதைக் கண்டார். தனக்கு மேலே உள்ளதன் நீளத்தில் சுமார் ஐந்தில் நான்கு பங்காக ஒவ்வொன்றும் அமைந்திருந்தது. சிறிய மீன் தன் வளர்ச்சியைத் தானே கட்டுப்படுத்துகிறது. அளவை மீறி வளர்ந்தால் மேலே உள்ள மீன் அதைப் போட்டியாளராகக் கருதி விரட்டிவிடும்; விரட்டப்படுவது பெரும்பாலும் மரணத்துக்குச் சமம். மேலே ஓர் இடம் காலியானதும் கீழே உள்ள ஒவ்வொன்றும் ஒரு படி வளர்கிறது. வரிசையில் பொறுமையுடன் நிற்பதற்குரிய பரிசு, என்றாவது அந்தக் கடற்சாமந்தியில் இனப்பெருக்க உரிமை பெறுவதே.

உடலுக்குள் என்ன நிகழ்கிறது

மனிதர் உள்ளிட்ட பாலூட்டிகளில் பால் பெரும்பாலும் குரோமோசோம்களால் கருவிலேயே முடிவாகிறது. பால் மாறும் மீன்களில் இத்தகைய இறுகிய பூட்டு இல்லை. கோமாளி மீன் ஆணாக இருக்கும்போதே அதன் இனப்பெருக்க உறுப்பில் விந்தகத் திசுவுடன் முதிராத சூலகத் திசுவும் இருக்கிறது. மாற்றத்தின்போது ஒன்று தேய்ந்து மற்றொன்று வளர்கிறது.

பெண் ஆணாகும் இனங்களில் இந்த நிகழ்வு, கரீபியக் கடலைச் சேர்ந்த நீலத்தலை மீனில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அதன் சூலகத்தில் அரோமடேஸ் என்ற நொதி, ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. சூலகம் சூலகமாக நிலைப்பதற்கு இந்த ஈஸ்ட்ரோஜனே காரணம். ஆதிக்க ஆண் மறைந்ததும் அந்த நொதியை உருவாக்கும் மரபணுவின் செயல்பாடு விரைந்து குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் வீழ்கிறது; முட்டைத் திசு அழிகிறது; ஆண் ஹார்மோனின் துணையுடன் விந்தகத் திசு எழுகிறது. பெண் மீனின் உடல் நிறமும் படிப்படியாக மாறித் தலை நீலமாகிறது.

இந்தத் தொடரின் தொடக்கம் இனப்பெருக்க உறுப்பில் இல்லை என்பதற்கு ஒரு சோதனை சான்று கூறுகிறது. நீலத்தலைப் பெண் மீன்களின் சூலகத்தை அறுவை மூலம் அகற்றிவிட்டு, கூட்டத்தின் ஆதிக்க ஆணையும் ஆய்வாளர்கள் நீக்கினர். சூலகமே இல்லாத அந்த மீன்களும் ஆணின் நடத்தையைக் கைக்கொண்டன. ஆகவே கண் வழியாகவும் மோதல்களின் வழியாகவும் கூட்டத்தின் நிலையை முதலில் உணர்வது மூளை. உடல் அதன் பின்னே செல்கிறது. துப்புரவு மீன் இரண்டு மணி நேரத்தில் ஆணாக நடக்கத் தொடங்கி, இரண்டு வாரங்களுக்குப் பின் விந்தணுவை உருவாக்குவதன் ரகசியம் இதுவே.

பால் மாறும் இனம் என்று எப்படி அறிவது

ஓர் இனத்தில் சிறியவை யாவும் பெண்ணாகவும் பெரியவை யாவும் ஆணாகவும் இருந்தால், பால் மாற்றம் நிகழ்வதாகச் சந்தேகிக்கலாம். ஆனால் அது மட்டும் நிரூபணம் ஆகாது. ஆண்கள் விரைந்து வளர்ந்தாலும், பெண்கள் விரைந்து இறந்தாலும் இதே தோற்றம் உண்டாகும். எனவே இனப்பெருக்க உறுப்பை மெல்லிய தகடுகளாகச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கின்றனர். முன்பு சூலகமாக இருந்த விந்தகத்தில், முட்டைகள் சேர்ந்திருந்த நடுக்குழி எஞ்சியிருப்பதும், விந்து செல்லும் குழாய்கள் பழைய சூலகச் சுவரிலேயே அமைந்திருப்பதும் முக்கியத் தடயங்கள். இருபால் திசுவும் ஒரே உறுப்பில் காணப்பட்டாலே போதும் என்று முடிவு செய்வதும் தவறாகலாம். பால் மாறாத சில இனங்களிலும் இளமையில் அத்தகைய கலப்பு உண்டு. அடையாளமிட்ட ஒரே மீன் முதலில் முட்டையையும் பின்னர் விந்தையும் வெளியிடுவதைக் காண்பதே மிக வலுவான சான்று.

மாற்றம் எப்போதும் ஒருவழிப் பாதையும் அல்ல. பவளக் கிளைகளுக்குள் ஒளிந்து வாழும் சில சிறு கோபி மீன்கள் துணைக்கேற்ப இரு திசையிலும் மாறக்கூடியவை. துப்புரவு மீனிலும், இரண்டு ஆண்களை மட்டும் சேர்த்து வைத்தபோது சிறியது மீண்டும் பெண்ணானதை ஜப்பானிய ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

மீன்பிடியில் எழும் சிக்கல்

இந்த இயல்பு மீனவர்களின் வாழ்வையும் தொடுகிறது. சந்தையில் நல்ல விலைபெறும் களவா மீன்களில் பல இனங்கள் பெண்ணாக முதிர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பின் ஆணாக மாறுபவை. பெரிய மீன்களையே தேடிப் பிடிக்கும்போது, அறியாமலேயே ஆண்களைத் தேர்ந்தெடுத்து அகற்றுகிறோம். மெக்சிகோ வளைகுடாவில் பிடிக்கப்படும் ஒரு களவா இனத்தில், 1970-களில் சுமார் 17 சதவீதமாக இருந்த ஆண்களின் பங்கு, 1990-களில் சுமார் 2 சதவீதமாகச் சரிந்தது.

துப்புரவு மீனைப் போல, அடுத்த பெண் ஆணாகிவிடாதா என்று கேட்கலாம். அதற்கு இரண்டு தடைகள் உள்ளன. துப்புரவு மீன்கள் ஆண்டு முழுவதும் ஒரே கூட்டமாக வாழ்கின்றன. தலைவன் இல்லை என்பதை உடனே உணர்கின்றன. பல களவா மீன்களோ பெரும்பாலும் தனித்து வாழ்ந்து, முட்டையிடும் பருவத்தில் மட்டும் ஓரிடத்தில் கூடுபவை. ஆண் குறைந்த செய்தி அப்போதுதான் தெரியவரும்; அதே இடத்தில்தான் வலையும் தூண்டிலும் காத்திருக்கின்றன. மேலும், மாறவேண்டிய பெரிய பெண்களும் அவற்றுடன் பிடிபடுகின்றன. எனவே இத்தகைய இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு விதி மட்டும் போதாது. சிறிய மீன்களைக் காக்கும் அந்த விதி பெரியவற்றின் மீது, அதாவது ஆண்களின் மீது, சுமையை ஏற்றிவிடக்கூடும். முட்டையிடக் கூடும் இடத்தையும் பருவத்தையும் காப்பதே ஆண்களைக் காப்பதாகும்.

மீன் வளர்ப்பிலும் இதே பிரச்சினை வேறு வடிவில் வருகிறது. இந்தியாவில் ஆரஞ்சுப் புள்ளிக் களவாவின் குஞ்சு உற்பத்தியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வெற்றி பெற்றுள்ளது. கடலிலிருந்து பிடிக்கப்படும் நடுத்தர மீன்கள் பெரும்பாலும் பெண்களாகவே இருப்பதால், தாய்மீன் தொட்டிகளில் ஆண் கிடைப்பது அரிது. இயல்பான மாற்றத்துக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க இயலாது. ஆகவே, சில பெண் மீன்களுக்கு ஆண் ஹார்மோனைக் கொடுத்து ஆணாக்குவது வழக்கம். ஹார்மோன் நின்றபின் அத்தகைய மீன்களில் சில மீண்டும் பெண்ணாகத் திரும்பிவிடுவதும் உண்டு. மருந்தால் உறுப்பை மாற்றலாம். ஆனால் பெரிய உடல், கூட்டத்தில் முதலிடம், அடக்குவதற்குக் கீழே சிலர் என்ற சூழல் அந்தச் சிறிய மீனுக்கு இன்னும் அமையவில்லை. அந்தச் சூழலைத்தான் ஹெரான் தீவின் பெண் மீன், தலைவன் மறைந்த இரண்டு மணி நேரத்தில் கண்டுகொண்டது.